கைதட்டலைக் கைவிடச் சொல்பவர்களுக்கு

"இன்னும் கைதட்டினு இருக்கீங்களாண்ணா?" அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகளில் பாதிப் பேராவது என்னிடம் இதைக் கேட்டிருப்பார்கள். முகூர்த்தம் தொடங்குவதற்கு முன் மணமேடை ஓரத்தில் நின்று, எல்லாக் கேமராவும் பார்க்கும்படி ஒரு முறை கைதட்டுவது என் வழக்கம். அது தேவையற்ற பழைய பழக்கம் என்பது இன்று எங்கள் தொழிலில் ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்து. அந்தக் கருத்து தவறு என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். மூன்று கேமரா ஓடுகிறது, ஒலியை எடுக்கத் தனியாக ஒரு ரெக்கார்டர் ஓடுகிறது. ஒவ்வொரு கேமராவும் தன் சொந்த மைக்கில் கொஞ்சம் ஒலியைப் பிடித்துக்கொள்கிறது. மென்பொருள் அந்த ஒலியின் வேவ்ஃபார்மை எடுத்து, ரெக்கார்டரின் வேவ்ஃபார்ம் மேல் வைத்து நகர்த்திப் பார்த்து, இரண்டும் மிக நன்றாக ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்துகிறது. ஒரு பொழுது பிடித்த வேலை தேநீர் குடித்து முடிப்பதற்குள் முடிகிறது. மனிதன் கைதட்ட மறப்பான், இயந்திரம் மறக்காது. ஜிம்பல் கேமரா ஒரு முகூர்த்தத்தில் எண்பது முறை நின்று நின்று ஓடும். எண்பது முறை கைதட்ட முடியுமா? கைதட்டலைக் கண்ணால் பார்த்துப் பொருத்தினால் துல்லியம் ஒரு ஃப்ரேம், அதாவது 25 ஃப்ரேம் ஓட்டத்தில் 40 மில்லி விநாடி. வேவ்ஃபார்ம் அதைவிடப் பல மடங்கு நுட்பமாகப் பொருத்தும்.

இதில் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. நானும் தினமும் வேவ்ஃபார்மில்தான் பொருத்துகிறேன். இவற்றிலிருந்து "ஆகவே கைதட்டல் வேண்டாம்" என்று வந்து நிற்பதில்தான் பிழை. அந்தப் பிழை என்ன செய்யும் என்பதை ஒரு கல்யாணத்தில் முழுக்க அனுபவித்தேன். அதையே எடுத்துக்கொள்கிறேன்.

சி.டி.எச். சாலையில் ஒரு மண்டபம். விடியற்காலை முகூர்த்தம். மண்டபத்தின் கடைசியில், மேடையிலிருந்து சுமார் 18 மீட்டர் தள்ளி, முக்காலியில் ஒரு கேமரா. நீளமான லென்ஸோடு மூன்று மணி நேரமும் நிறுத்தாமல் ஒரே ஃபைலாக ஓடியது. இதை முதல் கேமரா என்போம். இரண்டாவது கேமரா மேடைக்குப் பக்கத்தில், இரண்டு மூன்று மீட்டரில். அது அரைமணிக்கொரு முறை நின்று புது ஃபைல் தொடங்கும் வகை. மூன்றாவது ஜிம்பல். ரெக்கார்டர் மேடை விளிம்பில், சாஸ்திரிகளுக்கு ஒரு மீட்டர் தூரத்தில். அன்று என்னோடு வந்த இளைஞரின் பேச்சைக் கேட்டுக் கைதட்டலை விட்டுவிட்டேன். மென்பொருள் எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தது. வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டோம். பத்து நாள் கழித்து, ஆவடியில் பெண் வீட்டில் பெரிய டிவியில் போட்டுப் பார்த்த பெண்ணின் அம்மா கேட்டார்: "தம்பி, தாலி கட்டறப்போ தவில்காரர் குச்சி முன்னாடியே விழுது, சத்தம் அப்புறம் வருதே, ஏன்?"

1. காது கேட்பது ஒன்று, கண் பார்ப்பது வேறு

வேவ்ஃபார்ம் பொருத்துவது படத்தை அல்ல. கேமராவின் மைக் கேட்ட ஒலியை. படம் அந்த ஒலியோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் கூடவே நகர்கிறது, அவ்வளவுதான். மைக் மேடைக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மைக் 18 மீட்டர் தள்ளி இருந்தால் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 348 மீட்டர் போகும். 18 மீட்டரைக் கடக்க 52 மில்லி விநாடி பிடிக்கும். ஒளிக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

தவிலில் குச்சி விழும் கணத்தில் முதல் கேமரா அதைப் படம்பிடித்துவிடுகிறது. அதன் மைக்குக்கு அந்த அடி 52 மில்லி விநாடி கழித்துத்தான் கேட்கிறது. மேடையிலிருக்கும் ரெக்கார்டர் உடனே கேட்டுவிட்டது. மென்பொருள் இரண்டு ஒலியையும் ஒன்றின் மேல் ஒன்றாக மிகத் துல்லியமாக வைக்கிறது. விளைவு, படம் 52 மில்லி விநாடி முன்னால் தள்ளப்படுகிறது. மென்பொருள் எவ்வளவு நுட்பமாகப் பொருத்துகிறதோ, அவ்வளவு நுட்பமாக இந்தத் தவறும் உள்ளே வந்து உட்காருகிறது.

"அப்படியானால் தூரத்தை அளந்து கழித்துவிடலாமே?" என்பார்கள். நம் மண்டபங்களில் அதுவும் முடியாது. சாஸ்திரிகளின் குரல் மைக் வழியாக மண்டப ஸ்பீக்கர்களுக்குப் போகிறது. கம்பியில் போவதற்கு நேரமே ஆகாது. முதல் கேமராவுக்கு 4 மீட்டரில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தால், மந்திரம் அதன் மைக்குக்கு 11 மில்லி விநாடியில் வந்துவிடும். மைக் வைக்காத தவில் நேராகக் காற்றில் 52 மில்லி விநாடியில் வரும். ஒரே கேமரா, ஒரே கணம், இரண்டு வெவ்வேறு தாமதம். மென்பொருள் எதைப் பிடித்துக்கொள்ளும் என்பது அந்த நேரத்தில் எது உரக்க இருந்தது என்பதைப் பொறுத்தது. கழிக்க ஓர் எண் இல்லாதபோது எதைக் கழிப்பது?

கைதட்டலை நான் பிடித்துக்கொண்டிருப்பதன் அடிப்படைக் காரணம் இதுதான். உள்ளங்கைகள் சேருவதை எல்லாக் கேமராவும் ஒரே கணத்தில் பார்க்கின்றன, 2 மீட்டரில் இருந்தாலும் 20 மீட்டரில் இருந்தாலும். அந்த ஃப்ரேமைக் கண்ணால் குறித்து, ரெக்கார்டரின் பக்கத்திலேயே எழுந்த 'டப்' ஒலியோடு சேர்த்தால் தூரம் கணக்கிலேயே வருவதில்லை. ஒரு ஃப்ரேம் துல்லியம் போதாது என்கிறார்கள். சரியான இடத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரு ஃப்ரேம் வேண்டுமா, தவறான இடத்தில் நூறில் ஒரு பங்கு நுட்பம் வேண்டுமா என்று கேட்கிறேன்.

2. ஓர் எண்ணால் ஒரு நீளத்தைச் சரிசெய்ய முடியாது

52 மில்லி விநாடி யார் கண்ணுக்கும் தெரியாது என்பது நியாயமான பதில். ஒலிபரப்புத் துறையில் பின்பற்றும் ஐ.டி.யூ. பரிந்துரை பி.டி. 1359, ஒலி படத்தைவிடச் சுமார் 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர் உணரத் தொடங்குவார், பிந்தினால் 125 மில்லி விநாடி வரை உணரமாட்டார் என்கிறது. மின்னலுக்குப் பிறகு இடி வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு ஒலி பிந்துவது அவ்வளவு உறுத்தாது. ஆகவே தூரத்தால் வந்த பிழை மட்டும் இருந்திருந்தால் அந்த அம்மா கவனித்திருக்க மாட்டார். ஆனால் அது தனியாக வரவில்லை.

ஒவ்வொரு கேமராவுக்குள்ளும் ரெக்கார்டருக்குள்ளும் நேரத்தை எண்ணும் சிறு படிகம் உண்டு. எந்த இரண்டும் ஒரே வேகத்தில் எண்ணுவதில்லை. பத்து லட்சத்தில் இருபது பங்கு வித்தியாசம் சாதாரணம். அது மணிக்கு 72 மில்லி விநாடி, ஏறக்குறைய இரண்டு ஃப்ரேம். தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்திய படமும் ஒலியும் மூன்று மணி நேரத்தில் ஐந்து ஃப்ரேம் பிரிந்துவிடும். இதைத்தான் டிரிஃப்ட் என்கிறோம்.

மென்பொருள் கண்டுபிடிப்பது ஒரே ஓர் எண்: இந்த ஃபைலை எவ்வளவு நகர்த்த வேண்டும். நகர்த்துவதால் தொடக்கம் சேரலாம், அல்லது நடு சேரலாம், அல்லது கடைசி சேரலாம். மூன்றும் சேராது. ஏனென்றால் கோளாறு இடத்தில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. நான்கு முழ வேட்டியின் மேல் ஒரு விரல் குறைந்த வேட்டியை எங்கே நகர்த்தி வைத்தாலும் ஏதோ ஒரு ஓரம் வெளியே தெரியும். டிரிஃப்டையும் சரிசெய்யும் மென்பொருள்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவற்றுக்கும் இரு முனையிலும் தெளிவாக ஒத்துப்போகும் ஒலி வேண்டும். முதல் பிரிவில் சொன்ன தூரப் பிழை அவற்றிலும் அப்படியே இருக்கும்.

ஆவடி அம்மாவின் கேள்விக்குப் பிறகு அந்தக் கல்யாணத்தின் ஃபைல்களைத் திரும்பத் திறந்தேன். கைதட்டல் இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் ஒரே கணத்தில் தெரியும் வேறு எதாவது இருக்கிறதா என்று தேடினேன். 4.20 மணிக்கு மேடையில் ஒரு தேங்காய் உடைத்தார்கள். முதல் கேமராவில் அது தெளிவாகத் தெரிந்தது: ஒரு ஃப்ரேமில் காய் முழுசாக, அடுத்ததில் இரண்டாக. ரெக்கார்டரில் அதன் ஒலி ஊசி போல நிமிர்ந்து நின்றது. 7.18-க்கு மங்களம் பாடி முடித்துத் தவில்காரர் போட்ட கடைசி அடியும் அப்படியே. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் முதல் கேமராவின் கணக்கில் 10,680 விநாடி. ரெக்கார்டரின் கணக்கில் அதைவிட ஐந்து ஃப்ரேம், அதாவது 200 மில்லி விநாடி அதிகம்.

பிறகு எல்லாம் விளங்கியது. மென்பொருள் ஃபைலின் தொடக்கப் பகுதியை வைத்துப் பொருத்தியிருந்தது. தாலி கட்டியது அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் கழித்து. டிரிஃப்ட் அங்கே 100 மில்லி விநாடி. அதோடு தூரத்தின் 52. இரண்டும் ஒரே திசையில் கூடி 152, ஏறக்குறைய நான்கு ஃப்ரேம். 125 என்ற எல்லையைத் தாண்டியாயிற்று. இரண்டாவது கேமரா அரைமணி ஃபைல்களாக இருந்ததால் ஒவ்வொன்றும் தனித்தனியே பொருந்தியது. அரைமணியில் வரும் டிரிஃப்ட் ஒரு ஃப்ரேமைக்கூடத் தொடாது. அதனால் கெட்டிமேளத்தின் நடுவே இரண்டாவது கேமராவிலிருந்து முதல் கேமராவுக்கு வெட்டிய இடத்தில், அதுவரை ஒலியோடு விழுந்துகொண்டிருந்த குச்சி சட்டென்று ஒலிக்கு முன்னால் விழத் தொடங்கியது. அம்மா பார்த்தது அந்தத் தாவலைத்தான்.

எடிட் செய்தபோது எனக்கு ஏன் தெரியவில்லை? தொடக்கத்தில் பத்து நிமிடம் பார்த்து "சிங்க் ஆயிடுச்சு" என்று திருப்திப்பட்டேன். அங்கே வெறும் தூரப் பிழை மட்டுமே இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாத அளவு. பொருத்தம் சரியா என்று பார்க்க வேண்டிய இடம் ஃபைலின் கடைசி. தொடக்கத்தோடு அங்கேயும் சரியாக இருந்தால் நடுவிலும் சரியாக இருக்கும். இதற்காகவே இப்போது முடியும்போதும் ஒரு முறை கைதட்டுகிறேன். தொடக்கத்தில் தட்டியது இடத்தைச் சொல்லும்; முடிவில் தட்டியது நீளத்தைச் சொல்லும்.

3. தாலி கட்டும் நேரத்தில் வேவ்ஃபார்ம் ஊமையாகிவிடுகிறது

எந்தக் கணத்தைப் பிடிப்பதற்காக நம்மை அழைத்தார்களோ, அந்தக் கணத்தில்தான் இந்த முறை மிகவும் பலவீனமாக இருக்கிறது. கெட்டிமேளம் எழுந்ததும் நாதஸ்வரமும் தவிலும் இடைவெளியே இல்லாமல் முழங்குகின்றன. கேமராவின் தானியங்கி ஒலி அளவு அதை அமுக்கித் தட்டையாக்குகிறது. டைம்லைனில் பார்த்தால் மேடும் பள்ளமும் இல்லாத ஒரு கனத்த பட்டைதான் தெரியும். மென்பொருள் தேடுவது மேட்டையும் பள்ளத்தையும்தான். கேமராவின் ஒலியைக் கையால் குறைத்து வைத்தால் இது ஓரளவு தணியும். அதைச் செய்பவர்கள் எங்கள் பக்கத்தில் மிகச் சிலர்.

திரும்பத் திரும்ப வரும் தாளமும் மென்பொருளை ஏமாற்றும். ஜிம்பலில் எடுத்த ஆறு விநாடித் துண்டு ஒன்று. அதில் தவில் ஒரே நடையில் போகிறது. ஒரு சுற்று முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் அடிகள் அடிகளோடு சேரும். வரவேற்பில் ஒரே சினிமாப் பாட்டை இரண்டு முறை போட்டால், முதல் முறை எடுத்த துண்டு இரண்டாவது முறைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க உதட்டைப் பாருங்கள்: தாளம் சேர்ந்திருக்கும், பேச்சு சேர்ந்திருக்காது. முன்கூட்டியே தடுக்க வேண்டுமானால் எல்லாக் கேமராவின் கடிகாரத்தையும் மண்டபத்துக்குள் நுழையும்போதே ஒன்றாக வையுங்கள். ஃபைலின் நேரத்துக்கும் மென்பொருள் வைத்த இடத்துக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தத் துண்டை நம்பாதீர்கள்.

எண்பது துண்டுக்கும் கைதட்ட முடியுமா என்ற கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. தட்ட வேண்டியதில்லை. ஜிம்பல் துண்டுகள் சிறியவை, டிரிஃப்டுக்கு இடமில்லை. மேடைக்கு அருகில் எடுத்தவை, தூரப் பிழையும் இல்லை. அவற்றுக்கு வேவ்ஃபார்ம்தான் சரியான கருவி, கடிகாரத்தைச் சரிபார்த்தபடி. நிறுத்தாமல் ஓடும் தூரத்துக் கேமராவுக்கே கைதட்டல் வேண்டும். ஒரு துண்டுக்குச் சரியாக இருப்பதை எல்லாத் துண்டுக்கும் நீட்டியதில்தான் நம்மவர்கள் இடறினார்கள்.

4. "பெரிய செட்டிலேயே கைதட்டுவதில்லை"

இந்த வாதத்தை அதிகம் சொல்பவர்கள் பூந்தமல்லிப் பக்கத்துப் பையன்கள். செம்பரம்பாக்கத்தில் ஈவிபி பிலிம் சிட்டி இருக்கிறது. அங்கே பிக் பாஸ் போன்ற நிகழ்ச்சிகள் எத்தனையோ கேமராக்களில் எடுக்கப்படுவதை அறிந்தவர்கள். அப்படிப்பட்ட அரங்குகளில் கேமராக்கள் எல்லாவற்றையும் ஒரே மையக் கடிகாரத் துடிப்பில் கட்டி ஓட்ட முடியும். ஒரே கடிகாரம் என்றால் டிரிஃப்ட் கிடையாது. அங்கே வேலை செய்வது வேவ்ஃபார்ம் அல்ல, பொதுக் கடிகாரம். நம்மிடம் இருப்பது மூன்று தனிக் கேமராக்களும் ஒரு தனி ரெக்கார்டரும். நான்கு தனிக் கடிகாரங்கள். அவர்களுக்கு ஏன் தேவையில்லையோ, அதே காரணத்தால்தான் நமக்குத் தேவை.

நம் தொழிலுக்கு இந்தப் பழக்கம் வந்து சேராததற்கும் ஒரு வரலாறு உண்டு. தமிழ் சினிமாவில் பல பத்தாண்டுகள் வசனத்தைப் பின்னால் டப்பிங்கில்தான் பேசினார்கள். கமல்ஹாசனின் 'விருமாண்டி' 2004-இல் நேரடி ஒலிப்பதிவில் வந்தபோது அதுவே செய்தியானது. ஆகவே சினிமாவிலிருந்து கல்யாண வீடியோவுக்கு வந்தவர்களும், படப்பிடிப்பில் எடுத்த ஒலியைப் படத்தோடு கோர்க்கும் பழக்கத்தை அதிகம் கொண்டுவரவில்லை. இந்தப் பக்கம் கேசட் காலத்தில் அதற்குத் தேவையும் இல்லை: படமும் ஒலியும் ஒரே டேப்பில் பதிந்தன. இரண்டு மூன்று கேமரா வைத்தவர்கள் மண்டபத்திலேயே மிக்சர் போட்டு அங்கேயே வெட்டிவிடுவார்கள். 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்து, புகைப்படக் கேமராவில் வீடியோ எடுக்கும் காலம் தொடங்கிய பிறகுதான் ஒலிக்குத் தனி ரெக்கார்டர் நம் கைக்கு வந்தது. கைதட்டலைக் கற்றுக்கொள்ளும் முன்பே அதைத் தேவையில்லை என்று சொல்லும் மென்பொருளும் கூடவே வந்துவிட்டது. கைவிட்டது பழைய பழக்கத்தை என்று நினைக்கிறோம். உண்மையில் அது நமக்குப் பழக்கமாகவே ஆகவில்லை.

5. "மணமேடையில் கைதட்டினால் பெரியவங்க என்ன நினைப்பாங்க?"

இதை நான் மதிக்கிறேன். மந்திரம் ஓதும்போது கைதட்டினால் அது அவமரியாதை. நான் அப்படிச் செய்ததில்லை. சாஸ்திரிகள் அரிசியும் மஞ்சளும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது, கேமராக்களும் ரெக்கார்டரும் ஓடத் தொடங்கிய பிறகு, மேடை விளிம்பில் ரெக்கார்டருக்கு அரை மீட்டர் தூரத்தில் நிற்பேன். கைகளை நெஞ்சு உயரத்தில், பக்கவாட்டில் எல்லாக் கேமராவுக்கும் இடைவெளி தெரியும்படி விரித்து, ஒரே ஒரு முறை தட்டி, சேர்ந்த கைகளை ஒரு விநாடி அப்படியே வைத்திருப்பேன். பார்ப்பவர்களுக்கு அது கும்பிடுவது போலத்தான் இருக்கும். தட்டிவிட்டு உடனே விலக்கினால் எந்த ஃப்ரேமில் சேர்ந்தன என்பது மங்கலாகிவிடும். மேடையில் உள்ள பூவின் அதே நிறச் சட்டை போட்டிருந்தாலும் கை தெரியாது.

தட்டவே முடியாத இடங்கள் உண்டு. திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலிலோ திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலிலோ ஒன்றன் பின் ஒன்றாகக் கல்யாணம் நடக்கும் நாளில் நமக்கென்று ஒரு நிமிடம் கிடைக்காது. அங்கே தேங்காய் இருக்கிறது, தனியாக விழும் தவிலின் முதல் அடி இருக்கிறது. தூரத்துக் கேமராவில் ஆள் இருந்தால் அந்தக் கணத்தில் அதை நெருக்கமாகப் பிடிக்கச் சொல்லிவிடுங்கள், அது போதும். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்: மேடைக்குப் பக்கத்தில் வைக்கும் எல்.ஈ.டி. திரை. அதில் தெரியும் படம் சில ஃப்ரேம் பிந்தியே வருகிறது. தூரத்துக் கேமராவில் கை தெரியவில்லை என்று திரையில் தெரியும் கையை வைத்துப் பொருத்தினால், வேறொரு பிழையை நாமே கொண்டுவந்து வைத்ததாகும்.

அந்த ஆவடிக் கல்யாணத்தை இப்படிச் சரிசெய்தேன். ரெக்கார்டரை அசைக்கவில்லை, இரண்டாவது கேமராவும் ஜிம்பலும் அதோடு சரியாகவே இருந்தன. முதல் கேமராவை வேவ்ஃபார்ம் வைத்த இடத்திலிருந்து எடுத்து, தேங்காய் உடைந்த ஃப்ரேமை வைத்துக் கண்ணால் பொருத்தினேன். தூரப் பிழை போயிற்று. டிரிஃப்டுக்கு அதன் வேகத்தை 99.998 சதவீதமாகக் குறைக்க வேண்டும். என் மென்பொருளில் இரண்டு தசம இடத்துக்கு மேல் எழுத முடியாததால் அது 100 என்றே நின்றது. 178 நிமிடத்தில் ஐந்து ஃப்ரேம் என்றால் ஏறக்குறைய 36 நிமிடத்துக்கு ஒன்று. எனவே, திரையில் வேறு கேமரா ஓடிக்கொண்டிருக்கும் இடங்களாகப் பார்த்து முதல் கேமராவை ஐந்து இடத்தில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மிச்சத்தை ஒரு ஃப்ரேம் பின்னுக்குத் தள்ளினேன். பிறகு கடைசிக்குப் போய் மங்களத்தின் கடைசி அடியைப் பார்த்தேன். குச்சியும் ஒலியும் சேர்ந்து விழுந்தன. தாலி கட்டும் இடத்துக்குத் திரும்பி வந்து, கேமரா மாறும் அந்த வெட்டை மூன்று முறை ஓட்டினேன். தாவல் இல்லை.

இதற்கு எனக்கு ஒரு முழு இரவு ஆனது. தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு முறை கைதட்டியிருந்தால் கால்மணி நேர வேலை. மறுநாள் புதுப் பிரதியை எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் போனேன். அந்த அம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, கெட்டிமேளம் முடியும்வரை தவில்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.